மாடி வீட்டுப் பெண்ணின் கவர் லெட்டர்: இரண்டு வடிவங்களும் மூன்று சாம்பிள்களும்

2024 ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, எங்கள் மாடி வீட்டுப் பெண் கையில் மொபைலோடு இறங்கி வந்தாள். அந்த வருடம்தான் பி.ஏ. தமிழ் முடித்திருந்தாள். கன்டென்ட் ரைட்டர் வேலைக்கு அதுவரை 26 இடங்களுக்கு மெயில் அனுப்பியிருந்தாள். ஒரு இடத்திலிருந்தும் பதில் இல்லை. "அக்கா, நீங்கதானே உங்க ஆபீஸ்ல ஆள் எடுக்கறீங்க, இதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்களேன்" என்றாள்.

பத்து வருடங்களுக்கும் மேலாக ஒரு சிறிய நிறுவனத்தில் தமிழ் எழுத்துக் குழுவைப் பார்த்துக்கொள்கிறேன். எங்களிடம் அப்போது காலியிடம் எதுவும் இல்லை. அதனால் மனம்விட்டுப் பேச முடிந்தது. அடுத்த மூன்று வாரங்களில் அந்தக் கடிதம் எப்படி மாறியது, எது பலித்தது, நான் எங்கே தப்பாகக் கணித்தேன் என்பதை அவளுடைய சம்மதத்தோடு இங்கே எழுதுகிறேன். பெயர்களை மட்டும் விட்டுவிட்டேன்.

அவள் கண்வைத்திருந்த விளம்பரம் கிண்டியில் இருக்கும் ஒரு நிறுவனத்துடையது. அரசு சேவைகள், வீட்டுச் செலவு, சேமிப்பு ஆகியவை பற்றி எளிய தமிழில் எழுத ஆள் தேவை. அனுபவம் பூஜ்ஜியத்திலிருந்து ஒரு வருடம் வரை. கவர் லெட்டரைத் தமிழிலேயே எழுத வேண்டும், எழுதியவற்றில் இரண்டு மூன்றை சாம்பிளாகக் காட்ட வேண்டும். சென்னையில் தமிழ் எழுத்து வேலைக்கே ஆங்கிலத்தில் கடிதம் கேட்பவர்கள்தான் அதிகம். இங்கே தமிழில் கேட்டிருந்ததால் கடிதமே முதல் சாம்பிள் ஆகிவிடுகிறது. இதை அவள் கவனித்திருக்கவில்லை.

அவள் அதுவரை எல்லோருக்கும் அனுப்பிவந்த கடிதம் இது:

"மதிப்பிற்குரிய ஐயா/அம்மா, வணக்கம். தங்கள் மேலான நிறுவனத்தில் கன்டென்ட் ரைட்டர் பணியிடம் காலியாக உள்ளதை அறிந்து விண்ணப்பிக்கிறேன். நான் இவ்வாண்டு தமிழ் இலக்கியத்தில் இளங்கலைப் பட்டம் பெற்றுள்ளேன். சிறு வயது முதலே எழுத்தின் மீது தீராத ஆர்வம் கொண்டவள். கடின உழைப்பும், குழுவாகச் செயல்படும் பண்பும், புதியவற்றைக் கற்கும் ஆவலும் என்னிடம் உண்டு. மூன்று ஆண்டுகளாக ப்ளாக் எழுதி வருகிறேன். அதன் முகவரியைக் கீழே தந்துள்ளேன். மேலும் சில படைப்புகளை டிரைவில் வைத்துள்ளேன். தாங்கள் ஒரு வாய்ப்பளித்தால் என் திறமையை நிரூபிப்பேன். நன்றி."

இதில் எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. அதை முதலில் அவளிடம் சொன்னேன், ஏனென்றால் எனக்கு வருகிற கடிதங்களில் அது அரிது. ஆனால் இந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு இன்னொருவர் பேங்க் வேலைக்கும் விண்ணப்பிக்கலாம், இரண்டு சொல்லை மாற்றினால் போதும். அவளுக்கென்று அதில் இருந்த ஒரே விஷயம் கீழே இருந்த இரண்டு லிங்குகள். சரி, அவற்றைத் திறந்து பார்ப்போம் என்று என் மொபைலில் தட்டினேன்.

முதல் லிங்க் ப்ளாகின் முகப்புப் பக்கம். ப்ளாகில் எப்போதும் கடைசியாகப் போட்ட பதிவுதான் மேலே நிற்கும். அன்று மேலே நின்றது தோழியின் பிறந்த நாளுக்கு அவள் எழுதிய கவிதை. அதற்குக் கீழே ஒரு சினிமா விமர்சனம், அதற்குக் கீழே கல்லூரிக் கடைசி நாள் நினைவுகள். மொத்தம் 63 பதிவுகள். மின்கட்டணம் பற்றி அவள் எழுதியிருந்த அருமையான ஒரு கட்டுரை, விரலால் தள்ளிக்கொண்டே போனால் நான்காவது பக்கத்தில் இருந்தது.

இரண்டாவது லிங்க் டிரைவுக்குப் போனது. "Request access" என்று ஒரு பொத்தானோடு நின்றுவிட்டது. அவள் முகம் வாடிப்போனது. 26 இடங்களுக்கும் இதே லிங்க்தான் போயிருக்கிறது. டிரைவில் ஒரு கோப்பைப் போட்டால் அது முதலில் நமக்கு மட்டும்தான் திறக்கும். பகிர்வு அமைப்பில் போய் "Anyone with the link" என்று மாற்றினால்தான் அடுத்தவர் பார்க்க முடியும். அவள் தன் மொபைலில் தன் கணக்கிலிருந்து திறந்து பார்த்ததால் அவளுக்கு எப்போதும் ஒழுங்காகவே திறந்தது. அனுமதி கேட்டு யாராவது பொத்தானைத் தட்டியிருந்தால் அவளுக்கு மெயில் வந்திருக்கும். ஒரு மெயிலும் வரவில்லை. ஆள் எடுப்பவர் அந்த இடத்தில் நின்று காத்திருக்க மாட்டார். நானும் காத்திருந்ததில்லை. எங்கள் ஆபீசில் ஒரு விளம்பரம் போட்டால் முதல் இரண்டு நாளில் எழுபது எண்பது மெயில் வரும். திறக்காத லிங்கை மூடிவிட்டு அடுத்த கடிதத்துக்குப் போவதுதான் நடைமுறை. இதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான்.

ஆக, 26 இடங்களில் யாரும் அவள் எழுத்தைப் படித்து வேண்டாம் என்று சொல்லியிருக்க வாய்ப்பு குறைவு. படிப்பதற்கு வழியே இருந்திருக்காது. அவளோ தனக்கு எழுத வரவில்லை என்று முடிவுகட்டும் நிலைக்கு வந்திருந்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காபியோடு உட்கார்ந்து 63 பதிவுகளையும் பார்த்தோம். எது நன்றாக இருக்கிறது என்று தேடவில்லை. கிண்டி நிறுவனம் அவளை வேலைக்கு எடுத்தால் முதல் வாரமே எழுதச் சொல்லப்போவது என்ன, அதற்கு மிக அருகில் இருக்கும் பதிவு எது என்று தேடினோம். இப்படிப் பார்த்ததும் 63 சட்டென்று ஐந்தாகக் குறைந்தது. அதிலிருந்து இரண்டை எடுப்பதில் சிரமம் இருக்கவில்லை.

ஒன்று, பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரைச் சேர்ப்பது பற்றியது. அவளுடைய அண்ணன் குழந்தைக்காக அண்ணியோடு மாநகராட்சி அலுவலகத்துக்குப் போய்வந்த பிறகு எழுதியது. பிறப்பைப் பெயர் இல்லாமல் பதிந்திருந்தால் 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயர் சேர்க்கலாம், அதற்குப் பிறகு 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லியிருந்தாள். பெயரை ஒருமுறை சேர்த்துவிட்டால் மாற்றுவது சுலபமில்லை, அதனால் எழுத்துக்கூட்டலை வீட்டில் பேசி முடிவுசெய்துவிட்டுப் போங்கள் என்று ஒரு வரி இருந்தது. போய்வந்த ஒருவருக்குத்தான் அந்த வரி தோன்றும்.

இன்னொன்று மின்கட்டணக் கட்டுரை. 2023 நவம்பரில் எழுதியது. இந்தக் கதையில் மிகப் பெரிய பங்கு இதற்குத்தான், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

கோடையில் ஏசி ஓடிய இரண்டு மாதத்தில் அவர்கள் வீட்டு மீட்டர் 510 யூனிட் காட்டியது. அதற்கு முந்தைய இரண்டு மாதத்தில் சரியாக 500. "பத்து யூனிட் கூடுனதுக்கு முந்நூறு ரூபாயா?" என்று அம்மா கேட்டிருக்கிறார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் கட்டுரையே பிறந்தது. செப்டம்பர் 2022 இல் நடைமுறைக்கு வந்த கட்டணத்தில், 500 யூனிட் வரை பயன்படுத்துபவருக்கு ஒரு கணக்கு, 500 ஐத் தாண்டினால் வேறு கணக்கு. தாண்டாதவருக்கு முதல் 100 யூனிட் இலவசம், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, 401 முதல் 500 வரை 6 ரூபாய். 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய் வரும். தாண்டியவருக்கு அந்த 2.25 ரூபாய்ப் படியே கிடையாது. 101 முதல் 400 வரை மொத்தமும் 4.50 ரூபாய், 401 முதல் 500 வரை 6 ரூபாய், அதற்கு மேல் உள்ள பத்து யூனிட்டுக்கு 8 ரூபாய். 510 யூனிட்டுக்கு 2,030 ரூபாய். வித்தியாசம் 305. அதில் 80 ரூபாய்தான் அந்தப் பத்து யூனிட்டின் விலை. மிச்சம் 225 ரூபாய், கீழ்ப்படியை இழந்ததற்கான தொகை.

இதை ஒரு இருபது வயதுப் பெண் வீட்டு மீட்டர் அட்டையில் குறித்திருந்த ஆறு ரீடிங்கை வைத்துக்கொண்டு, நோட்டில் கூட்டிக் கழித்துப் பார்த்து எழுதியிருக்கிறாள். இப்படி ஒரு கட்டுரை என் மேஜைக்கு வந்திருந்தால் அன்றைக்கே போன் செய்திருப்பேன்.

ஆனால் மூன்று குறைகள் இருந்தன. ஒன்று பெரிது. கட்டுரையின் நடுவில் ஓரிடத்தில் "மாதம் 100 யூனிட் இலவசம்" என்று எழுதியிருந்தாள். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு ரீடிங் எடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. இலவச 100 யூனிட்டும் அந்த இரண்டு மாதத்துக்குத்தான். அவள் போட்ட கணக்கு முழுக்க சரி, ஏனென்றால் மீட்டர் அட்டையைப் பார்த்துப் போட்டாள். அந்த ஒரு வரியை மட்டும் வாய்ப்பேச்சில் கேட்டபடி எழுதிவிட்டாள். விளம்பரம் கொடுத்தவர் வீட்டுச் செலவு பற்றி எழுதும் ஆள் தேடுகிறவர், அவர் வீட்டிலும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் பில் வரும். அவர் கண்ணில் முதலில் படப்போவது இதுதான். ஒரு கட்டுரையில் இப்படி ஒரு வரி தப்பாக இருந்தால், சரியாக இருக்கும் மற்ற எண்களையும் அவர் நம்ப மாட்டார்.

இரண்டாவது குறை, கட்டணம் எந்தத் தேதியுடையது என்று கட்டுரையில் எங்கேயும் இல்லை. 2024 ஜூலையில் கட்டணம் மறுபடி உயர்ந்துவிட்டது. நாங்கள் உட்கார்ந்து படித்தபோது அந்த எண்கள் எல்லாம் ஒரு மாதம் பழையவை. எழுதிய அன்று சரியாக இருந்த கட்டுரை, அதைத் திறக்கும் அன்று தப்பாக நிற்கிறது. அரசு சேவை, கட்டணம், வட்டி ஆகியவை பற்றி எழுதும் யாருக்கும் இந்தச் சிக்கல் உண்டு.

மூன்றாவது சிறியது. "மின்சாரம் இன்றைய வாழ்வில் இன்றியமையாத ஒன்று" என்று தொடங்கி இரண்டு பத்தி ஓடியிருந்தது. அம்மாவின் கேள்வி மூன்றாவது பத்தியில்தான் வந்தது. "காலேஜ்ல முன்னுரை இல்லாம எழுதினா மார்க் குறைப்பாங்க அக்கா" என்றாள். உண்மைதான்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு தயக்கம் வந்தது. நான் உட்கார்ந்து திருத்தினால் அது அவள் சாம்பிளாக இருக்காது. நாளைக்கு வேலையில் சேர்ந்த பிறகு என் கை அங்கே இருக்காது, அவள் கைதான் இருக்கும். சாம்பிளில் இருக்கும் தரமும் ஆபீசில் எழுதும் தரமும் வேறுவேறாக இருந்தால் முதல் மாதமே தெரிந்துவிடும். அதனால் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். எது தப்பு, ஏன் தப்பு என்று மட்டும் சொல்வேன். ஒரு வரியும் எழுதித் தர மாட்டேன்.

அவள் செய்தது எனக்குப் பிடித்திருந்தது. தப்பான வரியைச் சத்தமில்லாமல் மாற்றிவிடவில்லை. கட்டுரையின் தலையில் சிறிய குறிப்பு ஒன்றைச் சேர்த்தாள்: "இதில் உள்ள கட்டணம் செப்டம்பர் 2022 முதல் ஜூன் 2024 வரை இருந்தது. ஜூலை 2024 இல் கட்டணம் உயர்ந்தது. 100 யூனிட் இலவசம் மாதத்துக்கு என்று முன்பு எழுதியிருந்தேன், அது தவறு, இரண்டு மாதத்துக்கு. ஆகஸ்ட் 2024 இல் திருத்தினேன்." முன்னுரை இரண்டு பத்தியையும் எடுத்துவிட்டு அம்மாவின் கேள்வியை முதல் வரியாக வைத்தாள்.

மூன்றாவது சாம்பிள் எது என்பதில் எங்களுக்குள் சண்டையே வந்தது. மயிலாப்பூர் அறுபத்துமூவர் திருவிழா அன்று தெற்கு மாட வீதியில் ஒரு நீர்மோர் பந்தலில் நாள் முழுக்க நின்று மோர் ஊற்றிக் கொடுத்ததைப் பற்றி ஒரு பதிவு எழுதியிருந்தாள். அவளுக்கு அதுதான் உயிர். நன்றாகவும் இருந்தது. ஆனால் நான் வேண்டாம் என்றேன். கேட்டிருப்பது பயன்பாட்டு எழுத்து, இது அனுபவக் கட்டுரை, படிப்பவரின் கவனம் சிதறும் என்பது என் வாதம். "மூணாவதா, கடைசியில வச்சுக்கறேன் அக்கா. நான் யாருன்னு அதுலதான் தெரியும்" என்றாள். விண்ணப்பம் அவளுடையது. சரி என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் லிங்குகள். தமிழில் ப்ளாக் எழுதுபவர்கள் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. ப்ளாகரில் பதிவின் முகவரி தலைப்பிலிருந்து தானாக உருவாகும், ஆனால் தமிழ் எழுத்துகளை அது எடுத்துக்கொள்ளாது. முழுத் தலைப்பும் தமிழில் இருந்தால் முகவரியில் blog-post என்றும் ஒரு எண்ணும்தான் மிஞ்சும். அவளுடைய மின்கட்டணக் கட்டுரையின் முகவரி முதலில் இருந்ததும், பிறகு மாற்றியதும் இப்படி:

```
/2023/11/blog-post_17.html
/2023/11/eb-bill-500-units.html
```

முதல் வடிவத்தில் மூன்று லிங்கை ஒரு கடிதத்தில் அடுக்கினால், எது எதைப் பற்றியது என்று யாருக்கும் புரியாது. திறப்பதற்கு முன்பே அலுப்பு வரும். பதிவின் அமைப்பில் "Permalink" என்று ஒரு இடம் இருக்கிறது, அங்கே நாமே ஆங்கில எழுத்தில் முகவரி கொடுத்துக்கொள்ளலாம். வெளியிட்ட பதிவாக இருந்தால் அதை மறுபடி வரைவாக மாற்றிவிட்டுத்தான் முகவரியைத் தொட முடியும். மாற்றியதும் பழைய முகவரி செத்துவிடும். அதை ஏற்கெனவே எங்காவது கொடுத்திருந்தால் அங்கிருந்து வருபவருக்குப் பக்கம் இல்லை என்றே வரும். பழைய கடிதங்களில் அவள் முகப்புப் பக்கத்தை மட்டுமே கொடுத்திருந்ததால் இங்கே எதுவும் கெடவில்லை. முகவரியில் இருக்கும் 2023/11 என்பது வருடமும் மாதமும், அதைப் படிப்பவர் பார்த்துவிடுவார். எப்போதோ எழுதியதை நேற்று எழுதியது போலக் காட்டவும் முடியாது, காட்டத் தேவையும் இல்லை.

டிரைவை அடியோடு விட்டுவிட்டோம். மூன்று சாம்பிளும் ப்ளாகிலேயே இருந்ததால் அதற்கு வேலையே இல்லை.

கடிதத்தை நான்கு முறை எழுதினாள். கடைசி வடிவம் இது. கல்லூரிப் பெயரையும் முகவரிகளையும் மட்டும் எடுத்திருக்கிறேன்:

"வணக்கம். தமிழ் கன்டென்ட் ரைட்டர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். இந்த வருடம் பி.ஏ. தமிழ் முடித்தேன். வேலை அனுபவம் இல்லை. மூன்று வருடமாக ப்ளாக் எழுதுகிறேன். அரசு சேவைகள், வீட்டுச் செலவு பற்றி எழுத ஆள் தேவை என்று உங்கள் விளம்பரத்தில் பார்த்ததால், அதற்குப் பொருந்தும் பதிவுகளைக் கீழே தருகிறேன். ஒன்றை மட்டும் படிக்க நேரம் இருந்தால் முதலாவதைப் படியுங்கள்.

1. '500 யூனிட்டைத் தாண்டினால் என்ன ஆகும்?' எங்கள் வீட்டு மீட்டர் அட்டையில் இருந்த ஆறு ரீடிங்கை வைத்து நானே போட்ட கணக்கு. பத்து யூனிட் கூடியதற்கு ஏன் 305 ரூபாய் கூடியது என்று விளக்குகிறது. இதில் ஒரு தகவல் பிழை இருந்தது. இந்த மாதம் திருத்தி, மேலே குறிப்பு போட்டிருக்கிறேன்.

2. 'பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்ப்பது.' எங்கள் குடும்பத்தில் ஒரு குழந்தைக்காக நேரில் போய்வந்து எழுதியது. என்ன எடுத்துப் போக வேண்டும், எங்கே அலைய நேரும் என்பது இதில் இருக்கிறது.

3. 'மோர்ப் பந்தலில் ஒரு நாள்.' இது உங்கள் விளம்பரத்துக்கு நேரடியாகப் பொருந்தாது. மனிதர்கள் பேசுவதை எப்படி எழுதுவேன் என்பதற்காகச் சேர்த்திருக்கிறேன்.

மூன்றையும் நானே எழுதினேன். முதல் கட்டுரையில் இருந்த பிழையை எழுத்துத் துறையில் இருக்கும் ஒருவர் சுட்டிக்காட்டினார்; திருத்தியது நான். எஸ்இஓ பற்றிப் படித்திருக்கிறேன், அதற்கான கருவிகளைப் பயன்படுத்தியதில்லை. உடனே சேர முடியும். பல்லாவரத்திலிருந்து ரயிலில் கிண்டிக்கு வந்துபோவேன். எழுத்துத் தேர்வு இருந்தால் எந்த நாளும் வரத் தயார். நன்றி."

இதில் ஓரிரு இடங்களை மட்டும் எடுத்துப் பேச வேண்டும். "ஒன்றை மட்டும் படிக்க நேரம் இருந்தால்" என்ற வரியை அவள் முதலில் எழுதத் தயங்கினாள். மரியாதைக் குறைவாகத் தோன்றுமோ என்று பயம். படிக்கிறவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அது பெரிய உதவி. மூன்று லிங்க் இருக்கும் கடிதத்தில் எல்லோரும் முதலாவதைத்தான் தட்டுவார்கள். அதனால் எது முதலில் என்பதை விண்ணப்பிப்பவர் யோசித்து வைத்திருக்க வேண்டும். பலர் தேதி வரிசையில் அடுக்குகிறார்கள், அதில் மிகப் பழையதும் பலவீனமானதும் தலையில் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

ஒவ்வொரு சாம்பிளுக்கும் கீழே இருக்கும் இரண்டு மூன்று வரிகளில், கட்டுரை எதைப் பற்றியது என்பதைவிட அதை எப்படி எழுதினாள் என்பதற்கே இடம் அதிகம். மீட்டர் அட்டை, நேரில் போனது, தானே போட்ட கணக்கு. புதிதாக வேலைக்கு வரும் ஒருவரிடம் நான் தேடுவது இதைத்தான். நடை சரியில்லை என்றால் ஆறு மாதத்தில் சரிசெய்துவிடலாம். இன்னொரு இணையதளத்தைப் பார்த்து வரிகளை மாற்றி எழுதுகிற பழக்கம் ஊறிப்போன ஒருவரை அதிலிருந்து வெளியே கொண்டுவருவது மிகக் கஷ்டம், இதில் நான் தோற்றிருக்கிறேன். தன் வீட்டு மீட்டர் அட்டையை எடுத்துப் பார்த்த பெண் அந்தப் பழக்கம் உள்ளவள் இல்லை என்று இரண்டு வரியிலேயே தெரிந்துவிடுகிறது.

எஸ்இஓ என்பது கட்டுரை இணையத் தேடலில் மேலே வரும்படி செய்யும் வேலை. அந்த வரியைப் பற்றி அவளுக்குச் சந்தேகம் இருந்தது. இல்லாததை ஏன் சொல்ல வேண்டும் என்று அவள் கேட்டாள். ரெஸ்யூமேயில் முன்பு "எஸ்இஓ" என்று திறன்கள் பட்டியலில் போட்டிருந்தாள். இரண்டு கேள்வி கேட்டேன், பதில் தெரியவில்லை. அப்படியென்றால் அதை எடுத்துவிட்டு, உள்ளதை உள்ளபடி எழுது என்றேன். இதனால் ஒரு இடம் கைவிட்டுப் போனது, அதைக் கீழே சொல்கிறேன்.

அனுப்புவதற்கு முன்பு கடிதத்தைத் தனக்கே ஒருமுறை மெயில் அனுப்பிக்கொண்டாள். அதை அவளுடைய அம்மாவின் மொபைலில், எந்தக் கணக்கிலும் நுழையாத மறைநிலைப் பக்கத்தில் திறந்து மூன்று லிங்கையும் தட்டிப் பார்த்தோம். இரண்டாவது திறக்கவில்லை. கடிதத்தில் லிங்கின் கடைசி எழுத்தோடு முற்றுப்புள்ளியும் ஒட்டிக்கொண்டு போயிருந்தது. லிங்கைத் தனி வரியில் போட்டதும் சரியாகிவிட்டது. இவ்வளவு பார்த்த பிறகும் அப்படி ஒன்று தப்பியிருந்தது என்பதால்தான் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன்.

மெயிலின் தலைப்பில் "விண்ணப்பம்" என்று மட்டும் இருந்ததை, வேலையின் பெயர், அவள் பெயர், "3 சாம்பிள்" என்று மாற்றினாள். ரெஸ்யூமே கோப்பின் பெயர் "resume final new 2" என்று இருந்தது, அதையும் தன் பெயருக்கு மாற்றினாள்.

கிண்டிக்கு அனுப்பியதோடு, இதே கடிதத்தின் அமைப்பை வைத்து வேறு நான்கு இடங்களுக்கும் அனுப்பினாள். ஒவ்வொன்றுக்கும் முதல் சாம்பிளும் முதல் பத்தியும் மாறின. ஒரு சமையல் பொருள் நிறுவனத்துக்கு ஊறுகாய் பற்றிய பழைய பதிவு முதலில் போனது. ஒரு கடிதம் எழுத அவளுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. முன்பு ஒரு மாலையில் எட்டு இடத்துக்கு அனுப்பியவள், இப்போது ஒரு வாரத்தில் ஐந்துதான்.

ஐந்தில் இரண்டு இடத்திலிருந்து பதில் வந்தது. ஒருவர் போனில் பேசி, எஸ்இஓ கருவிகளில் பழக்கம் உள்ளவர்தான் வேண்டும் என்று நாகரிகமாகச் சொல்லிவிட்டார். கடிதத்தில் மறைத்திருந்தால் நேர்முகம் வரை போய், அங்கே தெரிந்திருக்கும். அவளுக்கு ஒரு நாளும் பஸ் செலவும் மிச்சம் என்றுதான் எனக்குத் தோன்றியது. அவளுக்கு அன்றைக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

இன்னொரு பதில் கிண்டியிலிருந்து. நான்காவது நாள் எழுத்துத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். ஆபீசிலேயே உட்கார்ந்து இரண்டு மணி நேரத்தில், வாடகை ஒப்பந்தம் ஏன் 11 மாதத்துக்குப் போடுகிறார்கள் என்று 600 சொற்களில் எழுதச் சொன்னார்கள். வீட்டு உரிமையாளர் கேட்கும் ஒரு கேள்வியில் கட்டுரையைத் தொடங்கியதாகச் சொன்னாள். சாம்பிளில் கண்ட அதே கை தேர்விலும் தெரிந்திருக்கும்.

அதற்கு அடுத்த வாரம் நேர்முகம். ஆசிரியர் ஒரு அம்மா, ஐம்பது வயது இருக்கும். மின்கட்டணக் கட்டுரையைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்தத் திருத்தக் குறிப்பைக் காட்டி, பிழை எப்படி நேர்ந்தது என்று கேட்டிருக்கிறார். "கணக்கை மீட்டர் அட்டையைப் பார்த்து எழுதினேன் மேடம், அந்த வரியை மட்டும் காதால கேட்டதை வச்சு எழுதிட்டேன்" என்று சொல்லியிருக்கிறாள். இனிமேல் அதைத் தடுக்க என்ன செய்வாய் என்று அடுத்த கேள்வி. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது எங்கிருந்து வந்தது என்று வரைவிலேயே குறித்துக்கொள்வதாகச் சொன்னாளாம். அதை நான் சொல்லித்தரவில்லை. தேர்வில் எழுதிய தாளின் ஓரத்திலும் அப்படியே குறித்திருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பிறப்புச் சான்றிதழ் கட்டுரையைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை. நான் வேண்டாம் என்று சொன்ன மோர்ப் பந்தல் கட்டுரையை அந்த ஆசிரியர் முழுக்கப் படித்திருந்தார். மோர் வாங்க வந்த ஒரு முதியவர் பேசும் இரண்டு வரியை எடுத்துக்காட்டி, இதை அப்படியே எழுதினாயா, மாற்றினாயா என்று கேட்டிருக்கிறார். அந்தப் பேச்சு மட்டும் கால் மணி நேரம் போயிருக்கிறது. அங்கே என் கணிப்பு தப்பு. விளம்பரத்துக்குப் பொருந்துவதை மட்டும் காட்ட வேண்டும் என்று அதுவரை எல்லோரிடமும் சொல்லிவந்தேன். இப்போது, முதல் இரண்டும் பொருந்தினால் மூன்றாவது உனக்குப் பிடித்ததாக இருக்கட்டும், ஆனால் ஏன் சேர்த்தாய் என்று ஒரு வரி சொல்லிவிடு என்கிறேன்.

மூன்று மாதப் பயிற்சிக் காலத்தோடு அந்த வேலை கிடைத்தது. கடிதம்தான் காரணமா என்று கேட்டால், அப்படி அடித்துச் சொல்ல ஐந்து கடிதம் போதாது. அந்த வாரம் அங்கே எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. மற்ற மூன்று இடங்களிலிருந்து இன்று வரை பதில் இல்லை, ஏன் என்றும் தெரியாது. நிச்சயமாகச் சொல்லக்கூடியது, நேர்முகத்தில் அவளிடம் கேட்ட கேள்விகள் எல்லாமே அந்த மூன்று லிங்குகளில் இரண்டிலிருந்தும் தேர்வுத்தாளிலிருந்தும் வந்தவை என்பதுதான்.

பயிற்சிக் காலத்தில் அவளுக்குக் கொடுத்த முதல் வேலை, நிறுவனத்தின் பழைய மின்கட்டணப் பக்கத்தை ஜூலை 2024 கட்டணத்துக்கு மாற்றி எழுதுவது. மறுநாள் காலை ஆபீஸ் போகும்போது வீட்டு மீட்டர் அட்டையைப் பையில் எடுத்துப் போனாள்.